தங்கச்சிக்கு: டெல்லி ரயிலுக்குப் பை கட்டும் பட்டியல்

மாயவரத்தில் காலையில் ஏறி, சென்னையில் ரயில் மாறி, மூன்றாம் நாள் காலையில்தான் டெல்லி. இரண்டு ராத்திரி. ஸ்லீப்பர் என்பதால் போர்வை, தலையணை எதுவும் தர மாட்டார்கள். பாப்பாவுக்கு ஐந்து வயது ஆகாததால் டிக்கெட் இல்லை, தனி பெர்த்தும் இல்லை. உன் லோயர் பெர்த்தில் சுவர்ப் பக்கமாகப் படுக்க வை.

இடுப்புப் பர்ஸ் (தூங்கும்போதும் கழற்றாதே)
ஆதார் ஒரிஜினல், டிக்கெட் பிரிண்ட், சில்லறையாக 500 ரூபாய். உன் வீட்டுக்காரர் நம்பரைத் தாளிலும் எழுதி வை, போன் எப்போது அணையும் என்று தெரியாது. ரயிலில் என்ன அவசரம் என்றாலும் 139.

தோள் பை
இதில்தான் கவனம். போன தடவை நான் பால்பவுடரை சீட்டுக்கு அடியில் போன பெரிய பையில் வைத்துவிட்டேன். ராத்திரி ஒரு மணி, விளக்கெல்லாம் அணைத்தாயிற்று, சின்னவன் கத்துகிறான், நான் தரையில் மண்டியிட்டு செயினை அவிழ்க்கிறேன். எதிர் பெர்த் தாத்தா எழுந்து டார்ச் அடித்தார். அதனால் ராத்திரி தேவைப்படுவது எல்லாம் தலைமாட்டில்:

- டயப்பர் 12, ஈரத்துணி டிஷ்யூ, குப்பைக்கு பிளாஸ்டிக் கவர் பத்து
- பால்பவுடர், ஒவ்வொரு வேளைக்கும் அளந்து தனித்தனி டப்பாவில்
- அரை லிட்டர் பிளாஸ்க். வெந்நீர் பேண்ட்ரியில் கேட்டு வாங்கிக்கொள். கெட்டில் கொண்டுபோகாதே, ரயிலில் அனுமதி இல்லை
- டாக்டர் எழுதிய காய்ச்சல் மருந்து, அளவு மூடியோடு. ஓ.ஆர்.எஸ். இரண்டு
- மாற்று உடுப்பு மூன்று செட், உனக்கு ஒரு சுடிதார் (பாப்பா வாந்தி எடுத்தால் உன்மேல்தான்)
- சின்ன டார்ச்

சாப்பாடு
முதல் ராத்திரிக்குத் தயிர்சாதம். பாலை நிறைய விட்டு, தயிர் ஒரே ஒரு ஸ்பூன். காலையில் பிசைந்தால் ராத்திரி சரியாக இருக்கும், புளிக்காது. உனக்கு மிளகாய்ப்பொடி இட்லி, நல்லெண்ணெய் தாராளமாக. புளிசாதம் மறுநாள் மதியத்துக்கு. வாட்டிய வாழையிலையில் கட்டு. பாப்பாவுக்கு சத்துமாவு, பொரி, கொஞ்சம் காயாக உள்ள பூவன்பழம். மறுநாள் ராத்திரிக்கு வாங்கிக்கொள்.

பெரிய பை
அம்மாவின் பழைய நூல்புடவை இரண்டு: ஒன்று விரிக்க, ஒன்று போர்த்த. அப்புறம் ஸ்வெட்டர், குல்லா, சாக்ஸ். நம் ஊர் மார்கழிக்குத் துண்டே போதும், ஆனால் போபால் தாண்டினால் ஜன்னல் இடுக்கில் வருகிற காற்று வேறு மாதிரி. இறங்குவதற்கு முதல் நாள் சாயங்காலமே இவற்றை மேலே எடுத்து வை. செயினும் பூட்டும் கட்டாயம்.

தூளி கட்டிக்கொள் என்று அம்மா சொல்வாள். வேண்டாம். ஓடுகிற ரயிலில் அது போய் கம்பியில் இடிக்கும்.

பொம்மை? ஒன்று போதும், சத்தம் போடாதது. மீதி நேரம் ஜன்னல் பார்த்துக்கொள்ளும்.