பாக்கெட் ஃபோல்டர் டை டெம்ப்ளேட்: கணக்கியல் பயிற்சி நிலையம், கோவை

டை செய்பவருக்கும் பிரஸ்ஸுக்கும். எல்லா அளவும் மி.மீ. கோப்பில் அளவு 1:1. வெட்டு DIE லேயரில், மடிப்பு CREASE லேயரில், டிசைன் ART லேயரில். முதல் இரண்டும் பிளேட்டுக்குப் போகக் கூடாது.

மூடிய அளவு 225 × 310. விரித்தால் 225 + 5 + 225 = 455 அகலம்; பாக்கெட் 100 சேர்த்து 410 உயரம். பசை மடிப்பு பக்கத்துக்கு 15, அந்த இடத்தில் மட்டும் மொத்த அகலம் 485. பிளீட் சுற்றிலும் 3.

அட்டை 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு, வெளிப்பக்கம் மட்டும் அச்சு, மேட் லேமினேஷன். 25 × 36 இஞ்ச் தாளை 18 × 25 ஆக வெட்டி, ஒரு துண்டில் ஒரு ஃபோல்டர். அட்டையின் இழை 18 இஞ்ச் பக்கமாக ஓட வேண்டும், அதாவது முதுகுக்கு இணையாக. குறுக்கே ஓடினால் முதுகு மடிப்பு வெடித்து வெள்ளை தெரியும். லேமினேஷன் அதை முழுசாக மறைக்காது.

முதுகு 5: ஒற்றை மடிப்பு இல்லை, 5 இடைவெளியில் இரண்டு க்ரீஸ். வலது பாக்கெட்டில் 24 தாள் பாட நோட்டு (சுமார் 2.4), இடதில் அட்டவணை, படிவம் என 12 தாள் (1.2), பாக்கெட் அட்டை இரண்டும் சேர்ந்து 0.7. கூட்டினால் 4.3. நிலையம் அடுத்த பேட்சுக்குத் தடித்த நோட்டு கொடுக்க நினைத்தால் இப்போதே சொல்லட்டும், டை வெட்டிய பிறகு முதுகு வளராது.

பாக்கெட் ஆழம் 100. ஏ4 தாளில் 197 வெளியே தெரியும்; நோட்டின் தலைப்பு படிக்கவும் இழுத்து எடுக்கவும் அது போதும். உள் ஓரம் முதுகு க்ரீஸிலிருந்து 3 தள்ளி நிற்கும், ஆகவே பாக்கெட் அகலம் 222. வெளி ஓரத்தில் மட்டும்தான் பசை. பசை மடிப்பின் இரு முனையும் சரிவாக வெட்டவும். பசை படுவது மடிப்பின் அச்சுப் பக்கத்தில். அங்கே மை வேண்டாம், அரைவெட்டு ரூலால் லேமினேஷன் ஃபிலிமைக் கீறிவிடவும்.

கார்டு ஸ்லாட்: 89 × 51 விசிட்டிங் கார்டுக்கு. 91 × 53 சட்டத்தின் நான்கு மூலையிலும் 45 டிகிரியில் 14 நீளக் கீறல். பாக்கெட்டின் நடுவில் வரும்: இரு பக்கமும் 65.5, மேலும் கீழும் 23.5.

இனி கவனிக்க வேண்டியது. ஃபோல்டரைத் திறந்தால் ஸ்லாட் வலது பாக்கெட்டில் இருக்க வேண்டும். அச்சுப் பக்கத்திலிருந்து பார்க்கும் இந்த வரைபடத்தில் அது இடப்பக்கம், பின் அட்டைக்குக் கீழே. பாக்கெட் மேல்நோக்கி மடிவதால் அதன் எழுத்தும் லோகோவும் இங்கே தலைகீழாக நிற்கும். தவறு என்று நினைத்து யாரும் திருப்பிவிட வேண்டாம்.

1,000 பிரதி. டை தயாரானதும் அச்சடிக்காத வெள்ளை மாதிரி இரண்டு. அதில் உண்மையான நோட்டும் கார்டும் போட்டு மூடிப் பார்த்து, நிலையம் கையெழுத்திட்ட பிறகே ஓட்டம்.