வாராந்த விஞ்ஞானப் பாட வீடியோக்கள்: எடிட்டிங்குக்கான விண்ணப்பம்

வணக்கம். சாதாரண தர விஞ்ஞானத்துக்கு வாரம் 2 வீடியோ, விரைவாக முடித்துத் தர ஆள் தேவை என்ற உங்கள் பதிவு பார்த்தேன். திருகோணமலை உவர்மலையில் இருந்து எடிட்டிங் செய்கிறேன்.

சனி இரவுக்குள் பதிவுகள் வந்தால் திங்கள் மாலை முதல் பிரதி, நீங்கள் சொல்லும் திருத்தங்களோடு செவ்வாய் இறுதிப் பிரதி. பாட வீடியோவில் நேரத்தைத் தின்பது வெட்டுவதல்ல. சமன்பாடுகளையும் படங்களையும் திரையில் ஏற்றுவதுதான். அதனால் தலைப்பு, சொல்விளக்கம், கேள்விப் பலகை எல்லாவற்றுக்கும் முதல் வாரமே டெம்ப்ளேட் செய்துவிடுவேன். ஆசிரியர் யோசிக்கும் இடைவெளிகளை முழுதாக வெட்டமாட்டேன், மாணவர் எழுதிக்கொள்ள அது வேண்டும். தமிழ் சப்டைட்டிலை நானே தட்டச்சு செய்வேன். தானாக வருவது கலைச்சொற்களில் சொதப்பும்.

ஒரு வேண்டுகோள்: 4கே வேண்டாம், 1080பி போதும். அப்லோட் நேரம் பாதிக்கும் கீழே வரும். காலர் மைக் கட்டாயம்.

15 நிமிட வீடியோவுக்கு 6,500 ரூபாய், 2 சுற்றுத் திருத்தம் உட்பட. சப்டைட்டிலுக்குத் தனியாக 1,000. கரண்ட் போனாலும் வேலை நிற்காது, லேப்டாப்பும் யூபிஎஸ்ஸும் உண்டு.

பழைய பாடம் ஒன்றின் 3 நிமிடத் துண்டை அனுப்புங்கள், இலவசமாக எடிட் செய்து காட்டுகிறேன். பிடித்தால் இந்தச் சனியே தொடங்கலாம்.