டப்பாவைத் திறந்த ராஜாவுக்கு

என் தங்கக்கட்டிக்கு,

நில்லு! ஸ்பூனைக் கீழ வை. மூடியில ஒட்டியிருக்கற பருக்கையையும் அப்புறம் பார்த்துக்கலாம். முதல்ல இந்தப் பத்தியைப் படி. அதுக்கப்புறம் ஒரு வாய் சோறு, நாலு வரி, ஒரு வாய் சோறு, நாலு வரின்னு போனா பெல் அடிக்கறதுக்குள்ள முடிச்சிடலாம். ஒரே ஒரு எச்சரிக்கை. வாயில சோறு இருக்கும்போது சிரிப்பு வந்தா முதல்ல முழுங்கு, அப்புறம் சிரி. உள்ள இருக்கறது புளிசாதம். மூக்கு வழியா வந்தா எரியும்டா.

சரி, ஒரு வாய் ஆச்சா? இப்போ கதை.

ஞாயித்துக்கிழமை சில்வர் பீச்சுக்குப் போறோமில்ல, அந்தத் தேவனாம்பட்டினத்துல புனித டேவிட் கோட்டைன்னு ஒரு கோட்டை இருந்துச்சு. 1690-ல வெள்ளைக்காரங்க அதை மராட்டியர்கள்கிட்ட இருந்து விலைக்கு வாங்கினாங்க. கோட்டை மட்டும் போதுமா? சுத்தி இருக்கற ஊரும் வேணுமே. எதுவரைக்கும் அளந்து குடுக்கறதுன்னு கேள்வி வந்தப்போ, டேப்பும் வைக்கல, கயிறும் பிடிக்கல. கோட்டையில இருந்து பீரங்கியால சுட்டா குண்டு எவ்வளவு தூரம் போகுதோ அதுவரைக்கும் எங்களுதுன்னு பேசி முடிச்சுக்கிட்டாங்க. அந்தப் பக்கம் ஒரு டமால், இந்தப் பக்கம் ஒரு டமால். கடலூரே அப்படித்தான் அவங்க கைக்குப் போச்சு! குண்டு உப்பலவாடின்னு போர்டு பார்த்துட்டு, "அந்த ஊர்ல எல்லாரும் குண்டா இருப்பாங்களாம்மா?"ன்னு கேட்டியே, அந்தக் குண்டு இந்தக் குண்டுதான்னு சொல்றாங்க.

யோசிச்சுப் பாரு. பாவம், வீட்டு வாசல்ல உக்காந்து யாரோ ஒருத்தர் கூழ் குடிச்சுக்கிட்டு இருந்திருப்பார். பக்கத்துல தொப்புன்னு ஒண்ணு விழுந்திருக்கும். சொம்பைக் கீழ வைக்கறதுக்குள்ள ஊர் கைமாறிப் போயிடுச்சு!

இப்போ இன்னொரு வாய் சாப்பிடு. உருளைக்கிழங்கு வறுவலைக் கடிக்கும்போது கொஞ்சம் பார்த்துக் கடி. ஆயா இன்னிக்கு வறுத்த வறுவல் போடற சத்தத்துல அடுத்த கிளாஸ் மிஸ் எட்டிப் பார்த்தாலும் பார்ப்பாங்க.

இனிமேதான் முக்கியமான சமாச்சாரம். காத்து வாக்குல சொல்லாம காதுல சொல்றேன். ராத்திரி ஆயாவும் நானும் மந்திராலோசனை நடத்தி, இன்னிலேர்ந்து உன்னை ராஜாவாக்கிட்டோம். உன் கோட்டை இந்த டப்பா. உன் பீரங்கி, டப்பாவோட மேல் தட்டுல இருக்கற நெய்யில வறுத்த முந்திரி. பண்ருட்டி முந்திரி, சும்மா இல்ல! மூடியைத் திறந்ததும் வாசனை எந்த பெஞ்சு வரைக்கும் போகுதோ, அதுவரைக்கும் உன் ராஜ்யம்.

பீரங்கி வேலை செய்யுதான்னு காலையிலேயே சோதனை பண்ணிட்டோம். ஆயா வாணலியில நெய்யை ஊத்தி முந்திரியைப் போட்டு, ஓரமெல்லாம் லேசா சிவக்குற நேரம், எதிர்வீட்டுப் பூனை எங்கிருந்தோ வந்து நம்ம மதில் மேல உக்காந்துச்சு. மூக்கு மட்டும் நம்ம பக்கம், வாலு அவங்க பக்கம். எந்த ராஜ்யத்துல சேரலாம்னு கடைசி வரைக்கும் அதுக்கு முடிவு பண்ண முடியல. பாப்பா தவழ்ந்து வந்து அடுப்படி வாசல்ல உக்காந்து கையை நீட்டினா. அவ ஏற்கனவே நம்ம பிரஜை, அதனால கணக்குல சேர்க்கல.

ஆனா ராஜான்னா சும்மா மீசை முறுக்கிக்கிட்டு உக்காந்திருக்க முடியாது. இந்த ராஜ்யத்துல வரி உண்டு. மத்த ஊர்ல ஜனங்க ராஜாவுக்கு வரி கட்டுவாங்க. நம்ம ராஜ்யத்துல ராஜாதான் ஜனங்களுக்குக் கட்டணும். வாசனை பிடிச்ச ஒவ்வொருத்தருக்கும் ஒரு முந்திரி. அதுக்குத்தான் பத்து வெச்சிருக்கேன். ஆனா சும்மா குடுத்துடாதே. இந்த விடுகதைக்குப் பதில் சொல்லணும்:

வீட்டுக்குள்ள இடமிருந்தும்
வெளிய தொங்குற பிள்ளை,
தோலை உரிக்கப் போனவன்
கையைப் புண்ணாக்குற பிள்ளை,
நெய்யில குளிச்சு எழுந்தா
நிமிஷம் மிஞ்சாத பிள்ளை. அது யாரு?

பதில் அவங்க கையிலேயே இருக்கும், அதுதான் வேடிக்கை! யாராவது முழிச்சா இதைச் சொல்லு: மாம்பழம் மாதிரி பழத்துக்கெல்லாம் கொட்டை உள்ள இருக்கும், இதுக்கு வெளிய தொங்கும். பச்சைக் கொட்டையோட ஓட்டுல இருக்கற பால் பட்டா கை வெந்து போயிடும், அதனாலதான் சுட்டு உடைக்கறாங்க. அப்பவும் முழிச்சா முந்திரியைக் குடுத்துடு. பாவம், பசியில மூளை வேலை செய்யாது.

முதல் வரி யாருக்குன்னு நானே சொல்லிடறேன். ஜன்னல் ஓரத்துல உக்காந்து, "நெய்வேலியில எல்லாரும் கரிக்குள்ளயா இருப்பீங்க?"ன்னு கேட்டானாமே, அவனுக்கு. நேத்து நீ அதைச் சொல்லும்போது உன் முகம் சுருங்கினதைப் பார்த்தேன். அவன் உன்னை மட்டம் தட்டறதுக்காகக் கேட்டிருக்க மாட்டான் கண்ணு. நெய்வேலியைப் பார்க்காதவனுக்கு வேற எப்படிக் கேக்கத் தெரியும்? நீ அவன் பக்கத்துல போய் உக்காந்து ஜம்புலிங்க முதலியார் கதையைச் சொல்லு. அவர் நிலத்துல தண்ணிக்காகத் தோண்டினாங்க, தண்ணியோட கறுப்பு கறுப்பா என்னமோ வந்துச்சு, அதுதான் பழுப்பு நிலக்கரின்னு ஆச்சு, அதை எரிச்சுத்தான் கரண்ட் எடுக்கறாங்க. அப்புறம் மேல சுத்தற ஃபேனைக் காட்டி, "எங்க ஊர் சொல்லிதான் அது சுத்துது"ன்னு ஒரு போடு போடு. அந்தச் சுரங்கத்து ராட்சச மெஷின் மண்ணை வாரறதைக் கையால செஞ்சு காட்டுவியே, கரகரன்னு தொண்டையில சத்தம் போட்டுக்கிட்டு, அதையும் செஞ்சு காட்டு. அதைப் பார்த்துட்டு சிரிக்காதவங்க இந்த உலகத்துலயே கிடையாது. நான் கேரண்டி.

மெஷின்னு சொன்னதும் ஞாபகம் வருது. இப்போ நீயும் தோண்டணும். புளிசாதத்தோட வலது மூலையில ஸ்பூனை இறக்கு. இன்னும் ஆழம். இன்னும் கொஞ்சம்.

வெள்ளையா உருண்டையா ஏதாவது தட்டுப்படுதா? அதுதான் உன் பீரங்கிக்குண்டு! அவிச்சு, உப்பும் மிளகும் தூவி வெச்சது. இதைச் சுடக்கூடாது, தூக்கிப் போடக்கூடாது, யார் தலையிலயும் உடைக்கக்கூடாது. பாதி உனக்கு, பாதி நீ இன்னிக்கு யார் பக்கத்துல உக்காந்து சாப்பிடறியோ அவங்களுக்கு. முட்டை சாப்பிடாத பிள்ளையா இருந்தா ரெண்டு வறுவல் சேர்த்துக் குடு, முட்டை முழுசும் உனக்கே.

இந்தப் பேப்பருக்குப் பின்பக்கம் உன் கிளாஸ் பெஞ்சையெல்லாம் கட்டம் கட்டமா வரைஞ்சு வெச்சிருக்கேன். வாசனை போன பெஞ்சுல எல்லாம் பென்சிலால ஒரு குண்டு போட்டுட்டு, அங்க உக்கார்றவங்க பேரை எழுதிட்டு வா. சாயங்காலம் மேப்பைப் பார்த்துட்டு, நாளைக்கு எத்தனை முந்திரி வறுக்கணும்னு ஆயா முடிவு பண்ணும்.

ராஜாவோட சேனாதிபதி,
அம்மா

பின்குறிப்பு: ஆயா சொல்லச் சொல்ல எழுதறேன். "ராஜாவா இருந்தாலும் சாப்பிட்டுட்டு வாயைத் துடைக்கணும். சட்டையில இல்ல, கர்ச்சீப்புல. அப்புறம் அந்தப் பூனை இன்னும் மதில் மேலதான் உக்காந்திருக்கு, அதுக்கும் ஒரு வழி சொல்லச் சொல்லு."