அந்த எட்டு நொடிக்காக, சார்

சார், இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்!

குரூப்பில் எல்லோரும் கேக் படமும் பூங்கொத்துமாகப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நானும் ஒன்று போட்டேன், பார்த்திருப்பீர்கள். ஆனால் உங்களுக்கு ஐம்பது வயது நிறைகிற நாளில் அந்த ஒரு படத்தோடு முடித்துக்கொள்ள மனசு வரவில்லை. நேரில் சொல்ல வந்தால் "சரி சரி, போய் வார்ம் அப் பண்ணு" என்று விரட்டிவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் வாலிபால் ஆட வந்த முதல் மாதத்தில் நான் கேட்டது ஞாபகம் இருக்கிறதா? "சார், நான் லிப்ரோ ஆகிவிடட்டுமா?" என்று கேட்டேன். நான் நிற்கிற உயரத்துக்கு அது எவ்வளவு அபத்தமான கேள்வி என்று இப்போது தெரிகிறது. நெட்டுக்கு மேல் கையை நீட்டிப் பிளாக் போட வேண்டியவன், பின்வரிசையில் உருண்டு புரண்டு பந்து எடுக்கிற வேலையைக் கேட்கிறான். நீங்கள் சிரிக்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "லிப்ரோ சர்வீஸ் போட வேண்டியதில்லை, அதுதானே?" என்றீர்கள். மாட்டிக்கொண்டேன்.

அதற்கு முன் நான் ஆடிய டீமில், சுற்று மாறி நான் சர்வீஸ் இடத்துக்கு வந்தாலே விசில் ஊதும், ஆளை மாற்றிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பத்து பந்தில் ஐந்தாறை நெட்டில் அடிக்கிறவனை வைத்துக்கொண்டு எந்த டீம்தான் என்ன செய்யும்? ஒவ்வொரு தப்பு சர்வீஸும் எதிர் டீமுக்கு ஒரு பாயிண்ட். ஆனால் வாரத்துக்கு வாரம் அப்படி வெளியே போய்ப் போய், என் கை தப்பு செய்யும் கை என்று நானே நம்பிவிட்டேன். பந்தை மேலே போடும்போதே, எந்தப் பக்கம் போகப்போகிறதோ என்று வயிற்றைக் கலக்கும்.

நீங்கள் எனக்குத் தைரியம் சொல்லவே இல்லை. யோசித்துப் பார்த்தால், "உன்னால் முடியும்" என்று ஒரு தடவைகூட நீங்கள் சொன்னதாக ஞாபகம் இல்லை. "லிப்ரோ ஆகணும்னா பந்து எடுக்கிற ஆசையில ஆகணும். சர்வீஸுக்குப் பயந்து ஆகக் கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டு, நெட்டிலிருந்து ஆறு மீட்டரில் என்னை நிறுத்தினீர்கள். எல்லைக்கோட்டிலிருந்து போட வேண்டியவனைக் குழந்தை மாதிரி உள்ளே நிறுத்திவிட்டாரே என்று வெட்கமாக இருந்தது. பக்கத்து கோர்ட்டில் சின்னப் பையன்கள் பார்த்துச் சிரித்தார்கள். வாரத்துக்கு ஒரு அடி பின்னால் நகர்த்தினீர்கள். எப்போது ஒன்பது மீட்டர் கோட்டுக்குப் பின்னால் வந்தேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

அப்புறம் அந்த வால்வு. பந்தைக் கையில் வைத்து, காற்றடிக்கிற அந்தச் சின்னத் துளையைத் தேடி, அது என் முகத்தைப் பார்க்கிற மாதிரித் திருப்பச் சொன்னீர்கள். "இதைத் தேடுற நேரத்துல வேற எதையும் தேட முடியாது" என்றீர்கள். அப்போது புரியவில்லை. கண் வால்வைத் தேடும்போது ஸ்கோர் போர்டைப் பார்க்காது, எதிர் டீமின் முகத்தைப் பார்க்காது, பெஞ்சையும் பார்க்காது. பிறகு மூன்று முறை தட்ட வேண்டும், ஒரு மூச்சு விட வேண்டும், பந்தைத் தலைக்கு மேல் ஒரு முழ உயரத்துக்கு மட்டும் போட வேண்டும். உள்ளங்கையின் அடிப்பகுதியால் அடித்துவிட்டுக் கையை அங்கேயே நிறுத்த வேண்டும். பந்து சுழலாமல், குடிகாரன் நடை மாதிரித் தள்ளாடிக்கொண்டே போகும். முதல் தடவை அது சரியாக வந்தபோது நான் துள்ளினேன். நீங்கள் அடுத்த பந்தை உருட்டிவிட்டீர்கள்.

ரெஃப்ரி விசில் ஊதியதிலிருந்து சர்வீஸ் போட எட்டு நொடி உண்டு. அதுவரை விசில் சத்தம் காதில் விழுந்ததுமே, சூடான பாத்திரத்தைக் கீழே போடுகிற மாதிரிப் பந்தை அடித்துத் தள்ளிவிடுவேன். "எட்டு நொடியும் உன்னோடது. யாருக்கும் கொடுக்காதே" என்றீர்கள். அந்த ஒரு வாக்கியத்தைப் பரீட்சை ஹாலிலும்கூட நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன், சார்.

சரி, அந்த மேட்ச்சுக்கு வருகிறேன். ஐந்தாவது செட், 14-13, நாம் முன்னால். சுற்று மாறிப் பின்வரிசை வலது மூலைக்கு வந்து நின்றது நான். இரண்டாவது செட்டில் ஏற்கெனவே இரண்டு சர்வீஸை நெட்டில் அடித்திருந்தேன். நம் டீமில் சர்வீஸ் நன்றாகப் போடுகிற அண்ணன் பெஞ்சில் எழுந்து, மேல்சட்டையைக் கழற்றித் தயாராக நின்றார். எனக்குப் பழைய ஞாபகம். காலே கோட்டுக்கு வெளியே நகர ஆரம்பித்துவிட்டது. நீங்கள் அவரைப் பார்த்து, உட்கார் என்று கையைக் காட்டினீர்கள். அதோடு விடவில்லை. குனிந்து உங்கள் நோட்டில் ஏதோ எழுத ஆரம்பித்தீர்கள். என் பக்கம் திரும்பவே இல்லை.

வால்வைத் தேடினேன். மூன்று தட்டு. ஒரு மூச்சு. அடித்தேன். பந்து நெட்டின் மேல்விளிம்பில் இடித்து, ஒரு நொடி யோசித்து, அந்தப் பக்கம் பொத்தென்று விழுந்தது. அழகான சர்வீஸ் என்று யாரும் சொல்ல முடியாது. எல்லோரும் என் மேல் விழுந்து அமுக்கியபோது நீங்கள் மெதுவாக வந்து, "நான் ஆடின காலத்துல நெட்ல பட்டா அது தப்பு சர்வீஸ். நீ சரியான காலத்துல பிறந்திருக்கே" என்றீர்கள். உங்களிடமிருந்து எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு இன்றுவரை அதுதான்!

ஏன் பார்க்கவில்லை என்று பிறகு கேட்டேன். "போகும்னு தெரியும், எதுக்குப் பார்க்கணும்?" என்றீர்கள். அதை வைத்துத்தான் ஒரு வருஷம் ஆடினேன். முழு வருஷம், சார். அவருக்கே தெரிந்திருக்கிறது, எனக்கென்ன பயம் என்று.

போன மாதம் ஸ்கோர் ஷீட்களை அடுக்கச் சொல்லி அந்த நோட்டை என் கையில் கொடுத்தீர்கள். அந்த மேட்ச் தேதி போட்ட பக்கத்தைப் புரட்டினேன். மன்னித்துவிடுங்கள். அதில் 14-13 என்று இருக்கிறது. அதற்குக் கீழே எழுத்தே இல்லை, வெறும் கிறுக்கல். வட்டம் வட்டமாகச் சுற்றி, ஓர் இடத்தில் பேனா அழுத்தித் தாள் கிழிந்தே போயிருக்கிறது.

அதைப் பார்த்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். உங்களுக்கும் வயிற்றைக் கலக்கியிருக்கிறது. இருந்தும் அந்த அண்ணனை உட்காரச் சொல்லியிருக்கிறீர்கள்.

இதோடு புது நோட்டு ஒன்றும் அழுத்தினாலும் தாளைக் கிழிக்காத பேனா ஒன்றும் வைத்திருக்கிறேன். வேண்டாம் என்று சொல்லக் கூடாது. பழைய நோட்டைத் தூக்கிப் போடுவதாக இருந்தால், அந்த ஒரு பக்கத்தை மட்டும் எனக்குக் கொடுத்துவிடுங்கள். நாளைக் காலை நெட் கட்டும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் அரை மணி நேரம் தாமதமாக வந்தால் போதும்.

உங்கள்
ஏழாம் நம்பர்