பரிந்துரைக் கடிதம்: இருதுருவ மனநிலைக் கோளாறு சந்தேகம்

பொள்ளாச்சி
12.08.2024

பெறுநர்:
மனநல மருத்துவர் டாக்டர் ரேவதி அவர்கள், கோயம்புத்தூர்

நோயாளி: கவிதா, வயது 27, பெண். தனியார் பள்ளியில் கணித ஆசிரியை. திருமணமாகாதவர், பெற்றோருடன் வசிக்கிறார்.

வணக்கம் டாக்டர்,

கவிதாவை இந்த வாரத்துக்குள் பார்த்துவிட வேண்டும் என்று கேட்டு எழுதுகிறேன். மனச்சோர்வு என்று மருந்து தொடங்கப்பட்டவர், இப்போது அதற்கு நேர் எதிரான நிலையில் இருக்கிறார். இருதுருவ மனநிலைக் கோளாறாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். அவரும் வீட்டாரும் படித்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று கடிதத்தைத் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். அவர் படித்துச் சம்மதம் சொன்ன பிறகுதான் அனுப்புகிறேன்.

ஜூன் மாதம் முழுக்க அழுகை, பசியின்மை, காலையில் எழ முடியாத அசதி. பள்ளிக்கு விடுப்பு எடுத்துப் படுத்தே கிடந்திருக்கிறார். வெளியூரில் ஒரு மருத்துவர் ஜூலை 8 முதல் எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி. கொடுத்திருக்கிறார். மூன்று வாரத்தில் முகம் தெளிந்து, சிரிப்பும் வந்துவிட்டது. "பழைய கவிதா திரும்பிவிட்டாள்" என்று அம்மா சந்தோஷப்பட்டிருக்கிறார். ஆகஸ்ட் 1-ஆம் தேதி வாக்கில் அது எல்லை மீறியது. இரவில் இரண்டு, மூன்று மணி நேரத் தூக்கம்தான், ஆனால் பகலில் களைப்பே இல்லை. நடு இரவில் மாணவர்களுக்குக் கணக்குப் புத்தகம் எழுதுகிறார். ஆடித் தள்ளுபடியில் சேலைகளை மொத்தமாக வாங்கி வியாபாரம் செய்யப்போவதாக, வீட்டுக்குத் தெரியாமல் நகையை அடகு வைத்து ஒன்றரை லட்சம் ரூபாய் செலவழித்திருக்கிறார். இதற்கு முன் யாரிடமும் நூறு ரூபாய்கூடக் கடன் வாங்காத பெண் என்கிறார் அப்பா.

9-ஆம் தேதி முதல்முறை என்னிடம் வந்தபோது பேச்சு மிக வேகமாக இருந்தது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினார், குறுக்கிட முடியவில்லை. பள்ளி நிர்வாகத்தையே தன்னிடம் ஒப்படைக்கப் போகிறார்கள் என்று உறுதியாகச் சொன்னார். குரல்கள் கேட்பது, யாரோ தீங்கு செய்கிறார்கள் என்ற பயம் இரண்டும் இல்லை. நினைவும் சூழல் உணர்வும் சரியாக இருக்கின்றன. மது, புகை கிடையாது. மனநிலைக் கோளாறு வினாத்தாளில் 13 கேள்விகளில் 9-க்கு ஆம் என்றார்.

மருந்தால் மட்டும் வந்த மாற்றம் என்று விட்டுவிட முடியாததற்குக் காரணம் 2018. கல்லூரி இறுதி ஆண்டில் ஏறக்குறைய பத்து நாள் தூங்காமல், ஓயாமல் பேசி, ஒரே வாரத்தில் மூன்று பயிற்சி வகுப்புகளில் சேர்ந்திருக்கிறார். அப்போது எந்த மருந்தும் எடுக்கவில்லை. அதைத் தொடர்ந்து இரண்டு மாதம் அறையைவிட்டு வெளியே வரவில்லை. வீட்டார் அதைக் காதல் விவகாரம் என்று நினைத்து, குலதெய்வக் கோயிலுக்கு நேர்ந்துகொண்டார்கள். அப்புறம், தாய்மாமாவுக்கும் இப்படி ஏறி இறங்கும் நோய் இருந்தது, பல வருடம் லித்தியம் எடுத்தார் என்ற தகவல் நான் குறிப்பாகக் கேட்ட பிறகுதான் வந்தது.

ஜூன் மாதத்தில் "இருந்து என்ன பயன்" என்று நினைத்ததாகச் சொன்னார். திட்டமோ முயற்சியோ இல்லை. இப்போது அந்த எண்ணம் இல்லை. ஆனால் மனநிலை இறங்கும்போது கடன் விஷயமும் சேர்ந்து அழுத்தும் என்பதுதான் என் பெரிய கவலை. ஸ்கூட்டர் சாவியும் மாத்திரைகளும் அப்பாவிடம் இருக்கின்றன. இரவில் அம்மா கூடவே படுக்கிறார். அவசரத்துக்கு டெலி மானஸ் எண் 14416 கொடுத்திருக்கிறேன்.

எஸ்சிட்டலோபிராமை 9-ஆம் தேதியே நிறுத்திவிட்டேன். தூக்கத்துக்குக் குளோனசிபாம் 0.5 மி.கி. இரவில் மட்டும், ஐந்து நாளைக்கு. நேற்று நான்கு மணி நேரம் தூங்கியிருக்கிறார். மனநிலையைச் சமன்படுத்தும் மருந்து எதுவும் நான் தொடங்கவில்லை. நாடி 96, ரத்த அழுத்தம் 130/84. தைராய்டு, கிரியேட்டினின், கல்லீரல் பரிசோதனை, ரத்த அணுக்கள், ஈ.சி.ஜி. எல்லாம் சரியாக உள்ளன. கர்ப்பப் பரிசோதனை நெகட்டிவ்.

மருந்தைத் தேர்வு செய்யும்போது இரண்டு விஷயங்கள். ஆவணியில் பெண் பார்க்க வருகிறார்கள், திருமணம் சீக்கிரம் நடக்கலாம். அதனால் கருவைப் பாதிக்கக்கூடிய வால்ப்ரோயேட்டைத் தவிர்க்க முடிந்தால் நல்லது. மாதவிடாய் வலிக்கு அடிக்கடி மெஃபெனமிக் அமிலம் எடுக்கிறார். லித்தியம் கொடுப்பதானால் அதை நிறுத்த வேண்டியிருக்கும். பாராசிட்டமால் போதும் என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன்.

நோயை உறுதிசெய்து சிகிச்சையைத் தொடங்கித் தாருங்கள். உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டுமா என்பதும் உங்கள் முடிவு. லித்தியம் அளவு, சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றை இங்கேயே பார்த்து உங்களுக்கு அனுப்புகிறேன். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். அவர்களோடு தனியாகக் கொஞ்ச நேரம் பேசினால் பெரிய உதவி. பள்ளிக்குத் தகவல் போக வேண்டாம் என்று கவிதா கேட்டிருக்கிறார். விடுப்புச் சான்றில் நோயின் பெயரை எழுதவில்லை.

"தூங்கினால் போதும் சார், வருகிறேன்" என்று இப்போது அவரே சம்மதிக்கிறார். வேகம் இன்னும் கூடினால் இந்தச் சம்மதம் நிலைக்குமா என்பது சந்தேகம். புதன் அல்லது வியாழன் நேரம் கிடைத்தால், அப்பா அழைத்து வருவார்.

இப்படிக்கு,
டாக்டர் முருகேசன், எம்.பி.பி.எஸ்.
பொது மருத்துவர், பொள்ளாச்சி

இணைப்பு: ரத்தப் பரிசோதனை முடிவுகள், ஈ.சி.ஜி., வினாத்தாள், ஜூலை மாத மருந்துச் சீட்டின் நகல்