தேதியை எழுதித் தருகிறோம்

ஒரு பெண்கள் பொட்டிக்கின் விளம்பரப் படம்: காட்சியும் வசனமும்

படப்பிடிப்புக் குழுவுக்கு: படம் ஐந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். வெட்டும் கை, தைக்கும் கை, கொக்கி வைக்கும் கை எல்லாம் நம் பொட்டிக்கில் வேலை செய்பவர்களுடைய கைகளாகவே இருக்கட்டும். ஊசி பிடித்துப் பழகாத விரலைப் பார்த்த மாத்திரத்தில் பெண்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். முதல் இரண்டு காட்சிகளுக்கு இசை வேண்டாம்.

காட்சி 1: வீடு, மாலை

இருபத்தெட்டு வயதுப் பெண் ஒருத்தி புதுப் பிளவுஸ் அணிந்து கண்ணாடி முன் நிற்கிறாள். வலது கையை உயர்த்துகிறாள். பிளவுஸ் மொத்தமாக மேலே ஏறுகிறது. கையை இறக்கிய பிறகும் கைக்குழியை ஒட்டி இரண்டு சுருக்கங்கள் அப்படியே நிற்கின்றன. கேமரா அந்தச் சுருக்கங்களின் மீது மூன்று விநாடி நிலைக்க வேண்டும்.

தாய்: மூச்சை உள்ளே இழு. கொக்கியை மாட்டிவிடுகிறேன்.

மகள்: மூச்சைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் அம்மா நிற்பது? நாளை காலையிலிருந்து இரவு வரை இதோடுதான் இருக்க வேண்டும்.

தாய்: அளவு பிளவுஸ் கொடுத்தாய் அல்லவா?

மகள்: கொடுத்தேன். அதுவே தோளில் இறங்குகிறது என்றும் சொன்னேன். அதே மாதிரி இதுவும் இறங்குகிறது.

தாய் பக்கத் தையலைத் திருப்பிப் பார்க்கிறார். உள்ளே பிரித்துவிட ஒரு நூல் அளவுத் துணிகூட விடப்படவில்லை. அவர் எதுவும் சொல்லாமல் தையலைத் திரும்ப மடித்துவிடுகிறார்.

காட்சி 2: பஸ் நிறுத்தம், அலுவலகம், சமையலறை

வெவ்வேறு வயதில் மூன்று பெண்கள். மூவர் காதிலும் தொலைபேசி. மறுமுனைக் குரல் மட்டும் கேட்கிறது, முகம் தெரியாது.

குரல்: கை மட்டும் ஏற்ற வேண்டும். மாலை வந்துவிடுங்கள்.

குரல்: கொக்கி மட்டும் பாக்கி. காலையில் வாங்கிக்கொள்ளலாம்.

குரல்: இதோ, இப்போது உங்களுடையதுதான் மிஷினில் ஓடுகிறது.

மூன்றாவது பெண்: போன வாரமும் இதைத்தானே சொன்னீர்கள்? நாளை விடிந்தால் விழா. நான் எதை உடுத்திக்கொள்வது?

பதில் இல்லை. அவள் முகத்தை மட்டும் காட்டுங்கள். அழுகை வேண்டாம், அலுப்பு போதும். இந்த அலுப்பைப் பார்க்கும் ஒவ்வொருவருக்கும் இதைப் போன்ற ஒரு நாள் நினைவுக்கு வரும்.

காட்சி 3: பொட்டிக், காலை வெளிச்சம்

இங்கிருந்து இசை, மெல்லியதாக. பொட்டிக்கை நடத்தும் பெண், நாற்பதைக் கடந்தவர், கழுத்தில் அளவு நாடாவுடன் வெட்டு மேஜையருகே நின்று நேராகக் கேமராவைப் பார்த்துப் பேசுகிறார். எழுதி வைத்துப் படிப்பது போல இருக்கக் கூடாது.

நடத்துநர்: எங்களிடம் வருகிறவர்கள் முதலில் துணியைக் காட்டுவதில்லை. பயத்தைத்தான் சொல்கிறார்கள். 'போன முறை இறுக்கிப் பிடித்தது, இந்த முறை தளர்ந்துவிடக் கூடாது. கழுத்து இறங்கிவிடக் கூடாது. தேதி தப்பிவிடக் கூடாது.' இந்தப் பயம் நியாயமானது. நல்ல துணியை ஒரு முறைதான் வெட்ட முடியும்.

முதல் காட்சியின் மகள் பையுடன் உள்ளே வருகிறாள். பையிலிருந்து பட்டுத் துணியையும் பழைய பிளவுஸ் ஒன்றையும் எடுத்து வைக்கிறாள்.

மகள்: அளவுக்கு இதைக் கொண்டுவந்திருக்கிறேன் அக்கா.

நடத்துநர்: இருக்கட்டும் அம்மா. இதில் உனக்குப் பிடித்தது எது, பிடிக்காதது எது என்று மட்டும் சொல். அளவை உன்னிடமே எடுத்துக்கொள்கிறேன். பழைய பிளவுஸைப் பார்த்துத் தைத்தால் அதில் இருந்த தவறும் சேர்ந்து வரும்.

அளவெடுக்கும் காட்சி. இதை அவசரப்படுத்த வேண்டாம். படத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நாடா தோளில், மார்பில், இடுப்பில், கைக்குழியைச் சுற்றி நகர்கிறது. உதவியாளர் குறிப்பேட்டில் எழுதுகிறார்.

நடத்துநர்: உயரம் பதினான்கரை. தோள் பதினான்கு. கைக்குழி பதினாறு. இப்போது கையைத் தளரவிட்டு இயல்பாக நில். நிமிர வேண்டாம், எப்போதும் நிற்பது போலவே நில்.

அவர் இரண்டு அடி பின்னால் போய்ப் பார்க்கிறார். திரும்பி வந்து வலது தோளை மட்டும் மறுபடி அளக்கிறார்.

நடத்துநர்: வலது தோள் கால் அங்குலம் இறங்கியிருக்கிறது. பை மாட்டும் தோளா?

மகள்: ஆமாம் அக்கா. இதுவரை யாரும் சொன்னதே இல்லை.

நடத்துநர்: பலருக்கும் இப்படித்தான் இருக்கும். இரண்டு தோளையும் ஒரே அளவில் வெட்டினால் ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டே இருக்கும். (உதவியாளரிடம்) வலது தோளைத் தனியாக எழுதிக்கொள். (மகளிடம்) உட்கார். கையைத் தூக்கு. தலை பின்னுவது போல இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோ.

மகள் செய்கிறாள். நாடா முதுகின் குறுக்கே நீள்கிறது.

நடத்துநர்: நிற்கும்போது ஒரு அளவு, அசையும்போது ஒரு அளவு. நீ நாள் முழுக்கச் சிலையாக நிற்கப் போவதில்லையே.

காட்சி 4: வெட்டு மேஜை

மேஜை மேல் சாதாரண காடாத் துணி. கட்டிங் மாஸ்டர், ஐம்பது வயது, சாக்கட்டியால் கோடு போடுகிறார். அருகில் ஒரு கொடியில் வெட்டாத பருத்தித் துணியும் லைனிங் துணியும் நனைத்துக் காயப்போடப்பட்டிருக்கின்றன.

நடத்துநர் குரல்: பருத்தி முதல் சலவையில் சுருங்கும். லைனிங் அதைவிட அதிகமாகச் சுருங்கினால் மேல் துணி உப்பிக்கொண்டு நிற்கும். அதனால் துவைக்கக்கூடிய துணிகளை வெட்டும் முன்பே நனைத்துக் காயவைத்துவிடுகிறோம். ஒரு நாள் கூடுதலாகும். அந்த ஒரு நாளையும் சேர்த்துத்தான் உங்களுக்குத் தேதி சொல்கிறோம்.

மாஸ்டர்: (வேலையை நிறுத்தாமல்) பட்டில் தையலைப் பிரித்தால் ஊசித் துளை தெரியும். வெல்வெட்டிலும் அப்படித்தான். ஆகவே முதலில் காடாவில் தைத்துப் போட்டுப் பார்க்கிறோம். தவறு இருந்தால் காடாவோடு போகட்டும்.

காடா பிளவுஸில் மகள். மாஸ்டர் சற்றுத் தள்ளி நின்று சொல்ல, நடத்துநர் குண்டூசி குத்துகிறார்.

மாஸ்டர்: முன் டார்ட்டை அரை அங்குலம் கீழே இறக்குங்கள். கைக்குழியில் இழுப்பது இப்போது போய்விடும். கையைத் தூக்கிக் காட்டுங்கள் அம்மா.

மகள் கையைத் தூக்குகிறாள். பிளவுஸ் இடத்தைவிட்டு நகரவில்லை. இன்னொரு முறையும் தூக்கிப் பார்க்கிறாள், யாரும் கேட்காமலே. இதை நடிக்கச் சொல்லாதீர்கள். அளவு சரியாக வந்தால் அந்தப் பெண்ணே செய்வாள்.

அண்மைக் காட்சி: பட்டு வெட்டப்படுகிறது. பக்கத் தையலில் கோட்டுக்கு வெளியே ஒரு அங்குலம் விட்டுக் கத்தரி போகிறது.

நடத்துநர் குரல்: ஒவ்வொரு பக்கமும் உள்ளே ஒரு அங்குலம் விடுகிறோம். உடம்பு கூடும், குறையும். அதற்காக ஆசையாக வாங்கிய பட்டை ஏன் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டும்?

காட்சி 5: வரவேற்பு மேஜை

ஒரு தடித்த ஆர்டர் நோட்டு. பக்கத்துக்கு ஒரு நாள். மேலே தேதி, கீழே குறிப்பிட்ட எண்ணிக்கையில் வரிகள் மட்டும். நடுத்தர வயதுப் பெண் ஒருவர் நீளமான கவுன் துணியுடன் நிற்கிறார்.

பெண்: வெள்ளிக்கிழமை வேண்டும். கழுத்திலும் கையிலும் எம்ப்ராய்டரி.

நடத்துநர் நோட்டைப் புரட்டுகிறார். வியாழன் பக்கம் நிறைந்திருக்கிறது. புதனும் நிறைந்திருக்கிறது.

நடத்துநர்: வெள்ளிக்குள் முடியாது அம்மா.

பெண்: எப்படியாவது நுழைத்துவிடுங்கள். கூடுதலாகத் தருகிறேன்.

நடத்துநர்: உங்களுடையதை நுழைத்தால், ஏற்கெனவே தேதி வாங்கிப் போன ஒருவருடையதை வெளியே எடுக்க வேண்டும். நாளை உங்கள் தேதியையும் யாருக்காகவாவது எடுப்பேன். எம்ப்ராய்டரி இல்லாமல் என்றால் சனிக்கிழமை மாலை தருகிறேன். எம்ப்ராய்டரியோடு என்றால் அடுத்த புதன். இரண்டும் உதவாது என்றால் இந்தத் துணியை நான் இப்போது வாங்கக் கூடாது.

பெண் யோசிக்கிறார். இங்கே இசையை நிறுத்திவிடுங்கள்.

பெண்: சனிக்கிழமை என்றால் நிச்சயமாகச் சனிக்கிழமையா? விழா ஞாயிற்றுக்கிழமைதான். இரண்டு நாள் முன்னதாகக் கையில் இருந்தால் நிம்மதி என்று பார்த்தேன்.

நடத்துநர்: எழுதியே தருகிறேன்.

அண்மைக் காட்சி: ரசீது. அதில் மூன்று தேதிகள்: வெட்டும் நாள், போட்டுப் பார்க்கும் நாள், கொடுக்கும் நாள். கவுன் துணியின் ஓரத்திலிருந்து விரல் நகம் அளவுக்கு ஒரு துண்டை வெட்டி ரசீதில் ஸ்டேப்ளர் போட்டு இணைக்கிறார். அதே போன்ற இன்னொரு துண்டு நோட்டில், அந்த வரியின் மேலே.

நடத்துநர் குரல்: உங்கள் துணி இன்னொருவர் துணியோடு மாறாமல் இருக்க இந்தத் துண்டு. கேட்டுக் கேட்டு அலையாமல் இருக்க இந்தத் தேதிகள். மின்சாரம் போகும், ஆளுக்கு உடம்பு சரியில்லாமல் போகும். அப்படி எதனால் தாமதம் என்றாலும் முந்தின நாளே நாங்கள் உங்களை அழைப்போம். நீங்கள் எங்களைத் தேடிப்பிடிக்க வேண்டிய நிலையை வைக்க மாட்டோம்.

காட்சி 6: விரைவான காட்சிகள்

ஓவர்லாக் செய்த உள்விளிம்பு. ஒவ்வொரு தையலுக்கும் பிறகு இஸ்திரி. கையால் கொக்கி வைக்கும் ஊசி. மீந்த துணியை மடித்து அதே பையில் வைக்கும் கை.

நடத்துநர் குரல்: மீந்த துணி உங்களுடையது, துண்டானாலும் திருப்பித் தருவோம். வாங்கிப் போன நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் எங்கே இடித்தாலும் கொண்டுவாருங்கள். சரிசெய்து தருவதற்குக் கட்டணம் இல்லை. எங்கள் கையால் துணி கெட்டால் துணியின் விலையை நாங்கள் தருவோம்.

காட்சி 7: பொட்டிக் வாசல்

கவுனை வாங்கிக்கொண்ட பெண் வெளியே வருகிறார். மாஸ்டர் உள்ளே அடுத்த துணியை விரிக்கிறார். நடத்துநர் வாசலில் நின்று பேசுகிறார்.

நடத்துநர்: அளவு கொடுக்க வரும்போது, அந்த உடையோடு அணியப்போகும் உள்ளாடையையே அணிந்து வாருங்கள், மார்பளவு அதைப் பொறுத்து மாறும். நீள கவுன் என்றால் அன்று போடும் செருப்பையும் கொண்டுவாருங்கள். குதிகால் உயரத்தைப் பார்க்காமல் கீழ் விளிம்பை வெட்ட முடியாது. கழுத்தில் பெரிய நகை போடுவதாக இருந்தால் அதையும் காட்டுங்கள். கழுத்தின் இறக்கத்தை அதற்கேற்ப முடிவுசெய்யலாம். விழா எப்போது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். முன்கூட்டிச் சொன்னால்தான் கிடைக்கும் என்று ஒரு வாரம் முன்தள்ளிச் சொல்ல வேண்டிய அவசியம் இங்கே இல்லை.

திரையில் எழுத்து: அளவெடுக்கக் காலை 10 முதல் மாலை 6 வரை. நேரத்தை முன்கூட்டிக் கேட்டு வாருங்கள். ஒருவருக்கு அரை மணி நேரம் ஒதுக்குகிறோம். செவ்வாய் விடுமுறை.

நடத்துநர் குரல்: அவசரமாக வேண்டுமென்றாலும் வந்து கேளுங்கள். முடியுமா, முடியாதா என்பதைத் துணியை வாங்கும் முன்பே சொல்லிவிடுவோம்.