தண்ணிக் கழிவு

புரட்டாசி பாதி தாண்டினால் மண்டபத்து வடகடல் ஓரத்தில் எல்லா வீட்டிலும் ஒரே கவலைதான். வாடைக்காற்று பிடித்துவிட்டால் தை வரைக்கும் வள்ளம் கடலுக்குப் போகிற நாளைவிடக் கரையில் கிடக்கிற நாள்தான் அதிகம். அதற்குள் அரிசி வாங்கிப் போட வேண்டும், நண்டு வலையை மாற்ற வேண்டும்.

முனியசாமி வழக்கம்போல நண்டு வியாபாரியிடம் போனான். ஊரில் அவருக்கு மொதலாளி என்றுதான் பேர். எஞ்சினுக்கும் வலைக்கும் என்று வாங்கிய முன்பணம் ஏற்கெனவே 50,000 ரூபாய் நின்றது. இன்னும் பத்தாயிரம் கேட்டான். மொதலாளி முகம் சுளிக்காமல் எண்ணிக் கொடுத்தார்.

"வட்டின்னு ஒத்த ரூவா உங்கிட்ட வாங்கியிருக்கனா? நண்டை மட்டும் வேற கொட்டகைக்குக் கொண்டுபோயிராத. அப்புறம், அந்த ஏடிஎம் கார்டை இங்கேயே வச்சுட்டுப் போ."

மீன்பாடு குறைந்த காலத்துக்கு அரசு தருகிற 6,000 ரூபாய் அந்தக் கணக்கில்தான் விழும். அவன் மனைவி காளியம்மாளுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"வட்டியே வாங்காதவருக்கு நம்ம கார்டு எதுக்குங்க?"

முனியசாமியிடம் பதில் இல்லை.

வாடை ஓய்ந்து நண்டுபாடு திரும்பியதும் அவளே கொட்டகைக்குக் கூடை தூக்கிப் போனாள். மொதலாளியின் ஆள் கூடையைத் தராசில் வைத்தான். முள் ஆறு கிலோவில் நின்றது. சீட்டில் அஞ்சரை என்று எழுதினான். கேட்டால், நண்டிலிருந்து தண்ணீர் வடியுமாம், அரைக் கிலோ தண்ணிக் கழிவு. கூடையோ வரும் வழியிலேயே சொட்டு இல்லாமல் வடிந்திருந்தது. விலை கிலோ 380. முன்பணம் வாங்காத பக்கத்து வள்ளத்துக்காரர் அன்றைக்குப் பாம்பனில் 450க்குப் போட்டிருந்தார்.

அன்று முதல் மகளின் பழைய கணக்கு நோட்டில் கொட்டகைக் கணக்கு, பாம்பன் கணக்கு இரண்டையும் எழுதி வந்தாள். ஒரு மாதம் முடிந்ததும் மகளைக் கூட்டச் சொன்னாள்.

"ஆறு கிலோ வெளியில 2,700. நமக்கு வந்தது 2,090. ஒரு நாளைக்கு 610 போகுதும்மா. கடலுக்குப் போனது இருபது நாள். 12,200."

"60,000 ரூவாய்க்கு மாசம் 12,200" என்றாள் காளியம்மாள். "நூத்துக்கு இருவது ரூவா வட்டிங்க."

முனியசாமி நோட்டை வாங்கி மேலிருந்து கீழ்வரை பார்த்தான். கந்துவட்டிக்காரன்கூட நூற்றுக்குப் பத்துதான் கேட்பான். இத்தனை வருஷமும் மொதலாளி கடனைத் திருப்பிக் கேட்காதது நல்ல மனசினால் என்றே அவன் நம்பியிருந்தான். அவருக்கு வேண்டியது பணம் இல்லை, கடன் தீராமல் இருப்பது. நேர்மையாக உழைக்கிறவனை இதைவிடக் கொடுமையாக ஏமாற்ற முடியாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அவளுடைய மகளிர் குழுவுக்கு வங்கிக் கடன் வந்திருந்தது. நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. நோட்டைக் கூட்டத்தில் விரித்துக் காட்டி, தன் முறை வருவதற்கு முன்பே 50,000 கேட்டாள். இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். குழுத் தலைவி கணக்கை ஒருமுறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். தென்கடலில் மூச்சடக்கி மரிக்கொழுந்துப் பாசி எடுத்து, காயவைத்து விற்றுச் சேர்த்தது பத்தாயிரம் இருந்தது.

பணத்தைப் பார்த்ததும் மொதலாளி சிரித்தார். "என்ன அவசரம்? கிடக்கட்டும், நீயே வச்சுக்க."

"இல்ல மொதலாளி. எண்ணிக்கோங்க. புரோநோட்டையும் கார்டையும் குடுத்துருங்க" என்றான் முனியசாமி.

"நாளைக்கு வாடையில கஞ்சிக்கு எங்க போவ?"

முனியசாமி தலையைக் குனிந்தான். காளியம்மாள் குனியவில்லை. "அதை நாங்க பாத்துக்கறோம் அண்ணாச்சி" என்றாள். மொதலாளி என்று அவள் சொல்லாததை அவரும் கவனித்தார். கூட வந்திருந்த குழுத் தலைவி வாசலைவிட்டு நகர்வதாக இல்லை. கடைசியில் மொதலாளி மேசை இழுப்பறையைத் திறந்தார்.

மறுநாள் ஊரில் எந்தக் கொட்டகையும் அவர்கள் நண்டை எடுக்கவில்லை. சொல்லி வைத்திருந்தார். காளியம்மாள் கூடையைப் பஸ்ஸில் ஏற்றிப் பாம்பனுக்கே போனாள். இரண்டு வாரம் அப்படித்தான் ஓடியது. பஸ் கூலி போக நாளைக்கு ஐந்நூறுக்குமேல் கூடுதலாகவே நின்றது. அதிலிருந்து தினம் முந்நூறு குழுக் கடனுக்கு என்று தனியே எடுத்து வைத்தாள். மூன்றாவது வாரம் உள்ளூர் வியாபாரி ஒருவர் தானே வள்ளத்தடிக்கு வந்து பாம்பன் விலை தருவதாகச் சொன்னார்.

"கழிவு?" என்று கேட்டான் முனியசாமி.

"கழிவெல்லாம் இல்லப்பா."

அடுத்த புரட்டாசியில் குழுக் கடனில் பாதிக்குமேல் அடைந்திருந்தது. அந்த வருஷம் அரிசிக்காக யாரிடமும் போகவில்லை. ஒரு சாயங்காலம் முனியசாமியின் தம்பி தயங்கித் தயங்கி வந்து திண்ணையில் உட்கார்ந்தான். அவனும் அதே கொட்டகைதான். சட்டைப்பையிலிருந்து கசங்கிய எடைச் சீட்டுகளை எடுத்து நீட்டினான்.

"மதினி, என் கணக்கையும் கொஞ்சம் போட்டுப் பாருங்க."